வீடியோவுக்குக் கீழே ஓர் ஊட்டிப் பயணம்

மலை ரயிலுக்கு டிக்கெட் எப்படி எடுப்பது, இ-பாஸ் யாருக்கெல்லாம் வேண்டும், மூட்டுவலிக்காரப் பாட்டியால் தாவரவியல் பூங்காவில் எவ்வளவு தூரம் நடக்க முடியும்? மே மாதம் ஊட்டி போக நினைக்கும் குடும்பம் யூடியூபைத் திறந்து தேடுவது பெரும்பாலும் இந்த மாதிரி கேள்விகளுக்குத்தான். பதில் ஏதோ ஒரு பயண வீடியோவில் இருக்கும். ஆனால் அது பதினான்காவது நிமிடத்தில், சாக்லேட் கடைக்கும் படகுச் சவாரிக்கும் நடுவில் புதைந்திருக்கும். தேடியவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.

அவரை நிறுத்தி வைக்கும் இடம் வீடியோவுக்குக் கீழே இருக்கும் டிஸ்கிரிப்ஷன் பெட்டி. எடிட்டிங்குக்கு நாலு இரவு கண் விழிப்பவர்கள்கூட இந்தப் பெட்டிக்கு நாலு நிமிடம் ஒதுக்குவதில்லை. போன வீடியோவில் போட்டதை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டு, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். சில சமயம் அதையும் மாற்ற மறந்து, ஊட்டி வீடியோவுக்குக் கீழே கொடைக்கானல் என்று கிடக்கும்.

அந்தப் பெட்டியை எப்படி நிரப்புவது என்று பார்க்க ஓர் உதாரணம் வேண்டும். மதுரையிலிருந்து ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் 2025 மே மாதம் மூன்று நாள் ஊட்டி போய்வந்ததாக வைத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி, அம்மா, ஏழு வயதுப் பையன் ஆகிய நால்வரும் மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுகிறார்கள். அப்பாவும் சித்தப்பாவும் சாமான்களோடு காரில் ஏறி வருகிறார்கள். வீடியோ 24 நிமிடம் 40 விநாடி. அம்மாதான் சேனல் நடத்துகிறார்.

அவர் முதலில் எழுதக்கூடியது இப்படி இருக்கும்: ‘ஹாய் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க? இந்த வீடியோவுல நாங்க குடும்பத்தோட ஊட்டி போனதைப் பாக்கப் போறீங்க. பிடிச்சா லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, சப்ஸ்கிரைப் பண்ண மறந்துடாதீங்க.’ இதில் தப்பு எதுவும் இல்லை, தகவலும் இல்லை. கைப்பேசியில் டிஸ்கிரிப்ஷன் முழுசாகத் தெரியாது. தொடக்கத்தில் உள்ள கொஞ்சம் எழுத்துகள் மட்டும் தெரியும், மீதியைப் பார்க்கத் தட்ட வேண்டும். தேடல் முடிவுகளிலும் ஒரு துண்டுதான் காட்டப்படும். அந்தச் சிறிய இடம் முழுவதையும் வணக்கமே தின்றுவிடுகிறது. ஊர், நாள், யாரோடு, எப்படிப் போனார்கள் என்ற நான்கும் அந்த இடத்துக்குள் வந்துவிட வேண்டும்.

மாற்றி எழுதினால்: ‘மதுரையிலிருந்து ஊட்டிக்கு 3 நாள் குடும்பப் பயணம், 2025 மே. மேட்டுப்பாளையம் மலை ரயில், இ-பாஸ், தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா. 70 வயதுப் பெரியவர்களையும் 7 வயதுப் பையனையும் கூட்டிப்போன அனுபவம்.’ வீட்டில் பெரியவர்கள் இருப்பவர் இதைப் படித்ததும் ‘நமக்கானது’ என்று தெரிந்துகொள்வார். இருபத்தைந்து வயது நண்பர்கள் கூட்டம், பைக்கில் போகிறவர்கள், ‘நமக்கில்லை’ என்று தெரிந்துகொண்டு நகர்ந்துவிடுவார்கள். அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. தவறான எதிர்பார்ப்போடு வந்து அரை நிமிடத்தில் வெளியேறுகிறவரால் யாருக்கும் பயன் இல்லை.

இந்தச் சுருக்கத்தில் மிக முக்கியமான சொல் எது என்றால் ‘2025 மே’ என்று சொல்லலாம். மலைப் பயணத்தில் தகவல்களுக்கு ஆயுள் குறைவு. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் வருவோருக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அதற்கு முந்தைய வீடியோக்களில் அந்தப் பேச்சே இருக்காது. 2025இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் சேர்ந்துகொண்டது. 2024இன் வீடியோவைப் பார்த்து, பாஸ் கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று நம்பிச் சனிக்கிழமை கிளம்பியவருக்கு இந்த வேறுபாடு சாதாரணமாக இருந்திருக்காது. ரயில் முன்பதிவும் அப்படித்தான். பொதுவாக 120 நாளுக்கு முன்பே தொடங்கிக்கொண்டிருந்த முன்பதிவு, 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைந்தது. பழைய வீடியோ ஒன்று ‘நாலு மாதத்துக்கு முன்னாடியே புக் பண்ணிடுங்க’ என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கும். யூடியூப் காட்டும் தேதி வீடியோ ஏற்றிய தேதிதான். மே மாதம் எடுத்ததை அக்டோபரில் ஏற்றுகிறவர்கள் உண்டு. ஆகவே பயணம் போன மாதத்தைக் கையால் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது சாப்டர்கள். வீடியோவின் கீழே ஓடும் கோட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் காட்டும் இந்த வசதி 2020இல் யூடியூபுக்கு வந்தது. இதற்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். டிஸ்கிரிப்ஷன் பெட்டியில் நேரத்தையும் பெயரையும் வரிசையாகத் தட்டச்சு செய்தால் போதும். நமது ஊட்டி வீடியோவுக்கு அது இப்படி அமையலாம்:

```
0:00 மலை ரயில் முதல் தொட்டபெட்டா வரை
0:50 மேட்டுப்பாளையம்: ஸ்டேஷன், டிக்கெட், இருக்கை
3:15 கல்லாறு: பல்சக்கரப் பாதை தொடங்குமிடம்
6:40 ஹில்குரோவ்: ரயில் நிற்குமிடம், குரங்குகள்
9:05 குன்னூர்: இன்ஜின் மாற்றம்
11:30 காரில் வருவோருக்கு: இ-பாஸ், 14 வளைவுகள்
14:20 தாவரவியல் பூங்கா: பாட்டி நடந்த தூரம்
18:10 தொட்டபெட்டா: மூடுபனி, வண்டி வரிசை
21:00 செலவு: 6 பேர், 2 இரவு
23:05 கோத்தகிரி வழியாக இறக்கம்
```

விதிகள் நான்கே. முதல் நேரம் 0:00 என்று தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று நேரங்கள் இருக்க வேண்டும். அவை ஏறுவரிசையில் வர வேண்டும். ஒவ்வொரு துண்டும் பத்து விநாடிக்குக் குறையக் கூடாது. இதில் பலரும் தடுக்கி விழுவது முதல் விதியில். முதல் சில விநாடிகள் சேனலின் இசையும் சின்னமும் ஓடுவதால், உண்மையான காட்சி தொடங்கும் 0:08ஐ முதல் வரியாகப் போடுகிறார்கள். அப்போது மொத்தப் பட்டியலும் சாப்டராக மாறாது. ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், அப்போதும் நேரங்கள் நீல நிறத்தில் தெரியும், தட்டினால் அந்த இடத்துக்குப் போகவும் செய்யும். எழுதியவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். சரிபார்க்க வேண்டிய இடம் வீடியோவின் கீழ்க்கோடு. அது சிறு இடைவெளிகளோடு துண்டாகத் தெரிந்தால் சாப்டர் வேலை செய்கிறது. ஒரே நீளமாக ஓடினால் பட்டியலில் எங்கோ பிழை இருக்கிறது.

இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. வீடியோவை முடித்து, சாப்டர் நேரங்களைக் குறித்துக்கொண்ட பிறகு, முன்னோட்டம் நீளமாக இருக்கிறது என்று அதிலிருந்து 20 விநாடியை வெட்டுவார்கள். பெட்டியில் தட்டச்சு செய்த எண்கள் தாமாக மாறாது. நம் பட்டியலில் மேட்டுப்பாளையம் இனி 0:30, கல்லாறு 2:55. மாற்றாமல் விட்டால், கல்லாறு என்று தட்டுகிறவர் 20 விநாடி தள்ளிப் போய் இறங்குவார். இன்ஜினின் பல்சக்கரம் தண்டவாள நடுவிலுள்ள பல்வரிசையில் கவ்வும் அந்த ஒரு கணத்தைத்தான் அவர் தேடி வந்தார், அது போய்விட்டிருக்கும். நடுவில் வெட்டினாலோ கணக்கு வேறு. ஹில்குரோவ் காட்சியில் ஒரு நிமிடம் குறைத்தால் அதற்கு முந்தைய நேரங்கள் அப்படியே இருக்கும், குன்னூரிலிருந்து கீழே உள்ளவை மட்டும் ஒரு நிமிடம் முன்னால் வரும். இறுதி வடிவம் ஏறிய பிறகு, அந்தப் பக்கத்திலேயே ஓடவிட்டுப் பார்த்து நேரம் குறிப்பதுதான் தலைவலி இல்லாத வழி.

பட்டியல் எதுவும் போடாவிட்டால் யூடியூப் தானே சாப்டர் பிரித்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. இயந்திரம் பிரிப்பதில் பாட்டியின் முழங்காலுக்கு இடமில்லை என்பதுதான் குறை.

பெயர் வைப்பதில்தான் எழுதுகிறவரின் கை தெரியும். ‘செம வியூ’, ‘ஒரே ஜாலி’, ‘என்ன ஆச்சுன்னு பாருங்க’ என்றெல்லாம் பெயர் வைத்தால், பார்ப்பவர் எதைத் தட்டுவது என்று தெரியாமல் திணறுவார். சின்னத் திரையில் நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படும். எனவே ஊர்ப் பெயர் முதலில், அங்கே கிடைக்கும் தகவல் பிறகு. மேலே உள்ள பட்டியலில் ‘கல்லாறு’ என்ற பெயர் ஏன் தனியாக நிற்கிறது என்று கேட்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர் ஓடும் இந்த ரயிலுக்குப் பல்சக்கர ஏற்றம் கல்லாறில் தொடங்கிக் குன்னூரில் முடிகிறது. ஏறும்போது இன்ஜின் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும், இழுக்காது. வேகம் சட்டென்று குறைவதும், அடியிலிருந்து வேறு மாதிரி சத்தம் வருவதும் பையனுக்குத்தான் முதலில் தெரியும். குன்னூர் வரை 1899இலும் ஊட்டி வரை 1908இலும் பாதை வந்தது, 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இந்த ஆண்டுகளை டிஸ்கிரிப்ஷனில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் சாப்டர் பெயராக ‘ரயிலின் வரலாறு’ என்று போட்டால் தட்டுகிறவர் குறைவு.

‘குன்னூர்: இன்ஜின் மாற்றம்’ என்பதும் அதே காரணத்துக்காகத்தான். நீராவி இன்ஜினைக் கழற்றி டீசல் இன்ஜினை மாட்டுவதைப் பார்க்கப் பிள்ளைகள் பிளாட்பாரத்தில் ஓடுவார்கள். அந்த நிறுத்தத்தில் பெரியவர்கள் கழிப்பறைக்குப் போய்வர முடியுமா என்பது தாத்தாவைக் கூட்டிப்போகிறவரின் உண்மையான கவலை. வீடியோவில் அம்மா அதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கலாம். டிஸ்கிரிப்ஷனில் அதற்கு ஒரு வரி கொடுத்தால் பலருக்கு உதவும். காலை 7.10க்குக் கிளம்பி ஊட்டி போய்ச்சேர நண்பகல் ஆகிறது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பயணத்தில் இப்படிப்பட்ட தகவலுக்குத்தான் மதிப்பு.

தாவரவியல் பூங்கா சாப்டரையும் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். 1848இல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் அமைக்கத் தொடங்கிய இந்தப் பூங்கா சமதளத்தில் இல்லை. தொட்டபெட்டா மலைச்சரிவில் அடுக்கடுக்காக மேலே ஏறுகிறது. நுழைவாயிலுக்கு அருகே உள்ள புல்வெளி வரை யாரும் போகலாம். மேலே போகப் போக மூச்சு வாங்கும், அதுவும் கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊரில். ‘பாட்டி கீழ்ப் புல்வெளியோடு நின்றுகொண்டார், நாங்கள் கல்மரம் வரை போய்வந்தோம்’ என்று ஒரு வரி இருந்தால், அதே வயதுப் பெரியவரோடு வருகிறவர் திட்டத்தை மாற்றிக்கொள்ள அது போதும். கல்மரம் என்பது பூங்காவில் கிடத்தி வைத்திருக்கும் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவ அடிமரம். பையன்கள் அதன்மேல் ஏறப் பார்ப்பார்கள், விடக் கூடாது.

காரில் வருவோருக்கான சாப்டரில் இ-பாஸ் பற்றி இரண்டு விஷயம் எழுத வேண்டும். பாஸ் எடுக்கும் அரசுத் தளத்தின் முகவரி epass.tnega.org என்பது ஒன்று. யாருக்கு வேண்டாம் என்பது இன்னொன்று. மலை ரயிலிலோ அரசுப் பேருந்திலோ வருகிறவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, நீலகிரிப் பதிவெண் கொண்ட உள்ளூர் வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. நமது குடும்பத்தில் நால்வர் ரயிலில் வந்ததால், பாஸ் கார் ஒன்றுக்கு மட்டும்தான். அந்தத் தளத்தின் முகவரியை இணைப்பாகக் கொடுப்பது நல்லது. ஆனால் கையால் தட்டச்சு செய்யாமல், தளத்தைத் திறந்து பார்த்து அங்கிருந்தே நகலெடுக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினால் எங்கோ போய்விடும், பாஸ் எடுத்துத் தருவதாகப் பணம் கேட்கும் இடத்திலும் கொண்டுபோய் விடலாம். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தண்ணீர்ப் பாட்டில் கட்டு வாங்கிக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களைச் சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுவந்தால் வழியிலும் ஊரிலும் உள்ள குடிநீர் ஏடிஎம்மில் நிரப்பிக்கொள்ளலாம்.

செலவு வரியில் ஒரு பெரிய தொகையை மட்டும் போடுவது வழக்கம். ‘மொத்தம் இவ்வளவுதான் ஆச்சு’ என்று. எத்தனை பேருக்கு, எத்தனை இரவுக்கு, மதுரையிலிருந்து போட்ட பெட்ரோலும் சேர்த்தா, சாக்லேட்டும் வர்க்கியும் வாங்கிய பணமும் உள்ளடக்கமா என்று தெரியாவிட்டால் அந்தத் தொகைக்கு அர்த்தமே இல்லை. மே மாதத்து அறை வாடகையும் ஆகஸ்ட் மாதத்து வாடகையும் ஒன்றல்ல. ‘6 பேர், 2 இரவு, மே மாத வார நாள், ஷாப்பிங் சேர்க்காமல்’ என்ற நாலு சொல் தொகைக்கு முன்னால் இருந்தால், வேறு குடும்பம் தன் கணக்கைப் போட்டுக்கொள்ளும்.

ஹேஷ்டேக் விஷயத்தில் பேராசைதான் பெரிய எதிரி. ஒரு வீடியோவுக்கு அறுபதுக்கு மேல் ஹேஷ்டேக் போட்டால், யூடியூப் அத்தனையையும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். நாற்பது போட்டாலும் தலைப்பருகே தெரியப்போவது மூன்று வரைதான். ஆகவே ஐந்தாறு போதும்:

```
#ஊட்டி #Ooty #NilgiriMountainRailway #மலைரயில் #OotyFamilyTrip
```

தமிழில் பேசும் வீடியோவுக்கு ஆங்கில எழுத்தில் ஹேஷ்டேக் எதற்கு என்று கேட்கத் தோன்றும். தமிழ் பேசுகிறவர்களிலேயே நிறைய பேர் தேடும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள், தமிழ் விசைப்பலகைக்கு மாறும் பொறுமை இல்லாததால். இரண்டு எழுத்திலும் வைத்துக்கொண்டால் இரு சாராரும் வருவார்கள். ஹேஷ்டேக்கில் இடைவெளி ஆகாது. ‘#ஊட்டி மலை ரயில்’ என்று எழுதினால் ‘#ஊட்டி’ வரை மட்டும் ஹேஷ்டேக், மீதி வெறும் சொற்கள். அதனால்தான் மேலே ‘#மலைரயில்’ என்று சேர்த்து எழுதியிருக்கிறது.

போகாத ஊரைச் சேர்ப்பது இன்னொரு கெட்ட வழக்கம். ‘#கொடைக்கானல் #மூணாறு #ஏற்காடு’ என்று அடுக்கினால் அந்த ஊர்களைத் தேடுகிறவர்களும் வருவார்களே என்ற நப்பாசை. வீடியோவுக்குச் சம்பந்தமில்லாத ஹேஷ்டேக் யூடியூப் விதிகளுக்கு எதிரானது, வீடியோவையே நீக்கவும் அதில் இடமுண்டு. டிஸ்கிரிப்ஷனின் அடியில் தேடல் சொற்களைப் பத்தி பத்தியாகக் கொட்டி வைப்பதற்கும் அதே கதிதான். டேக் என்று தனியாக ஒரு பெட்டி இருக்கிறது. அது தேடலில் பெரிய வேலை எதுவும் செய்வதில்லை என்று யூடியூபே சொல்கிறது. ஊர்ப் பெயரை மக்கள் தப்பும் தவறுமாகத் தட்டுவதற்கு மட்டும் அது உதவும். உதகமண்டலத்தை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையையும் அங்கே போட்டுவிடலாம்.

எழுத்துக் கணக்கில் தமிழருக்கு ஒரு சின்ன வம்பு உண்டு. தலைப்புக்கு 100, டிஸ்கிரிப்ஷனுக்கு 5,000 என்று வரம்பு. ‘மேட்டுப்பாளையம்’ நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. கணினிக்கு அது பதினைந்து, ஏனென்றால் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். டிஸ்கிரிப்ஷனில் இது தொல்லை தராது, தலைப்பில் தரும். நீளமான தமிழ்த் தலைப்பு யோசித்து வைத்துவிட்டு, ஏற்றும்போது சிவப்பு நிறத்தைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. இன்னொரு வினோதம், ‘மதுரை -> ஊட்டி’ என்று அம்புக்குறி போட்டால் பெட்டி ஏற்றுக்கொள்ளாது. < > என்ற இரண்டு குறிகளும் அங்கே தடை. ‘மதுரை முதல் ஊட்டி’ என்று எழுதினால் பிரச்சினை இல்லை.

இசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊட்டி ரயில் என்றாலே ‘மூன்றாம் பிறை’யும் ‘உயிரே’யும் நினைவுக்கு வந்துவிடும். ரயில் காட்சிக்கு அந்தப் பாட்டில் ஒன்றைப் பின்னணியாக ஓடவிட்டு, டிஸ்கிரிப்ஷனில் ‘பாடலின் உரிமை உரியவருக்கே, பொழுதுபோக்குக்காக மட்டும்’ என்று எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்த வரிக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. பாட்டைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் டிஸ்கிரிப்ஷனைப் படிப்பதில்லை. வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், சில சமயம் வீடியோவே முடக்கப்படும். இதற்கு நேர்மாறாக, யூடியூபின் இலவச இசைத் தொகுப்பில் சில இசைத்துண்டுகளைப் பயன்படுத்தினால் இசையமைத்தவரின் பெயரை டிஸ்கிரிப்ஷனில் போட்டே ஆக வேண்டும். அங்கே கொடுத்திருக்கும் வரியை அப்படியே ஒட்ட வேண்டும், சுருக்கக் கூடாது.

தங்கிய விடுதி அறையை இலவசமாகவோ தள்ளுபடியிலோ கொடுத்திருந்தால், அதை மறைக்கக் கூடாது. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இந்த அறிவிப்பு ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. தட்டிப் பார்த்தால் மட்டும் தெரியும் அடிப்பகுதியிலும் கூடாது. அதாவது முதல் வரிகளிலேயே வர வேண்டும், வீடியோவிலும் தெரிய வேண்டும். யூடியூபில் ஏற்றும்போது கட்டண விளம்பரம் உண்டா என்று கேட்கும் கட்டத்தையும் தேர்வு செய்ய வேண்டும். குடும்ப வீடியோக்களில்தான் இது அதிகம் மறக்கப்படுகிறது. ‘நம்ம அண்ணன் ஹோட்டல்’ என்று பேசிக்கொண்டே போகும்போது, அண்ணன் அறை வாடகை வாங்கவில்லை என்பது பார்க்கிறவருக்குத் தெரியாது.

பையனைப் பற்றி எவ்வளவு எழுதுவது என்பதில் அம்மாக்களுக்கு ஆசை அதிகம், எச்சரிக்கை குறைவு. முழுப் பெயர், பள்ளிப் பெயர், பிறந்த நாள் ஆகிய மூன்றும் டிஸ்கிரிப்ஷனில் வரவே கூடாது. ‘7 வயதுப் பையன்’ என்றால் பயணத் தகவலுக்குப் போதும். வீட்டைப் பூட்டிவிட்டு மலையில் இருக்கும்போதே வீடியோவை ஏற்றி, ‘இன்னும் ரெண்டு நாள் இங்கதான்’ என்று எழுதுவதும் வேண்டாம். ஏற்றும்போது ‘இது குழந்தைகளுக்கான வீடியோவா’ என்று யூடியூப் கேட்கும். வீடியோவில் குழந்தை இருப்பதாலேயே அது குழந்தைகளுக்கான வீடியோ ஆகிவிடாது. இ-பாஸும் செலவுக் கணக்கும் பேசும் வீடியோ பெரியவர்களுக்கானது. தவறி ‘ஆம்’ என்று சொல்லிவிட்டால் கருத்துப் பகுதி மூடிவிடும். ‘பர்லியாறில் சாவடி இன்னும் இருக்கா?’ என்று கேட்க வருகிறவருக்கு வழி இருக்காது.

எல்லாம் எழுதி ஏற்றிய பிறகும் இந்தப் பெட்டி திறந்தே இருக்கிறது. வீடியோவில் பேசியதை மாற்ற முடியாது, கொஞ்சம் வெட்டத்தான் முடியும். டிஸ்கிரிப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், பார்வை எண்ணிக்கை குறையாது. வடகிழக்குப் பருவமழையின்போது கல்லாறு, குன்னூர் இடையே மண் சரிந்து மலை ரயில் அவ்வப்போது நிறுத்தப்படுவது வழக்கம். கோடை சீசனில் போலீசார் பெரும்பாலும் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழிப் பாதை வைப்பார்கள். நம் குடும்பத்துக் கார் கோத்தகிரி வழியாக இறங்கியதற்கும் அதுதான் காரணம், சீசன் முடிந்ததும் அந்த ஏற்பாடு இருக்காது. இப்படி ஒன்று மாறியதும் முதல் வரிகளுக்கு அடியிலேயே, தேதியோடு, ‘திருத்தம்’ என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். சாப்டர் பட்டியலுக்குள் மட்டும் அதை நுழைக்க வேண்டாம், அங்கே இருப்பது நேரமும் பெயருமாகவே இருக்கட்டும்.